ஒன்றரை லட்சம் வேணாம் தம்பி, 35,900 கேளுங்க

*ஆடிட்டர் சார் வணக்கம். எங்க ஊரு குடியாத்தம் பக்கம். எங்க ஊர் பொண்ணு ஒண்ணு, 16 வயசு, ப்ளஸ் ஒன் படிக்குது, பளு தூக்கறதுல ஸ்டேட் டீம்ல செலக்ட் ஆகி நேஷனல்ஸுக்கு புவனேஸ்வர் போவுது. அப்பா இல்ல, அம்மா ஷூ கம்பெனில வேலை. வாட்ஸப்ல போஸ்டர் போட்டு காசு சேர்க்கலாம்னு இருக்கோம். நான் கணக்கு போட்டா 70 ஆயிரம் வருது, பசங்க ஒன்றரை லட்சம்னு போடு, அப்பதான் பாதியாவது வரும்னு சொல்றாங்க. என் ஜிபே நம்பர்லயே வாங்கலாமா? டேக்ஸ் எதுனா வருமா? மீதி வந்தா இன்னா பண்றது? பஞ்சாயத்து தலைவர் 5,000, ஸ்கூல்ல 3,000 ஏற்கனவே குடுத்துட்டாங்க. கணக்கு பேப்பர் போட்டோ எடுத்து அனுப்பி இருக்கேன்.*

தம்பி, அந்த பேப்பர் போட்டோவ ரெண்டு தடவ பெருசு பண்ணி பாத்தேன், அதனால மொதல்ல அதுக்கே வர்றேன், டேக்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பசங்க சொல்ற கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. ஒன்றரை லட்சம்னு போட்டா பாதி வரும்னு சொல்றது டிக்கெட் விலை தெரியாத ஆளுங்ககிட்ட தான் நடக்கும். உங்க போஸ்டர் யாருக்கு போவும்? உங்க ஊர்ல இருந்து பெங்களூர்ல, சென்னைல வேலை பாக்கறவங்க, அவங்க ஆபீஸ் ஆளுங்க, குடியாத்தம் கடைக்காரங்க. இவங்க எல்லாம் காட்பாடில வண்டி ஏறி ஏறி பழகுனவங்க, ஒருத்தன் இல்ல ஒருத்தன் போன்ல ரேட் தட்டி பாத்துட்டு “மூணு பேர் போய் வர ஒன்றரை லட்சமா, பிளைட்லயா போறாங்க”ன்னு குரூப்ல ஒரு வரி போட்டுடுவான், அதோட முடிஞ்சுது, அந்த வரிக்கு கீழ யாரும் காசு போட மாட்டாங்க, அந்த பொண்ணு அடுத்த வருஷம் கேட்டாலும் அந்த வரி தான் ஞாபகம் வரும். அதனால உண்மையான தொகை எவ்வளவோ அத கேளுங்க, அதுவும் நீங்க போட்ட 70 ஆயிரம் கூட உண்மையான தொகை இல்ல, அத இப்ப பிரிச்சு பாக்கலாம்.

உங்க பேப்பர்ல பயணம்னு அஞ்சு பேருக்கு போட்டு இருக்கீங்க. பொண்ணு, அம்மா, கோச், நீங்க, வீடியோ எடுக்க இன்னொரு பையன். கீழ ஊர் பேர் போட்ட டி-ஷர்ட் 20, ஃப்ளெக்ஸ் பேனர், திரும்பி வந்தா வரவேற்பு, கடைசில “இதர செலவு 10,000”. இதுல நீங்களும் அந்த பையனும் போறது, டி-ஷர்ட், பேனர், வரவேற்பு இது நாலும் பயணச் செலவே இல்ல, ஊர் பசங்க ஆசைக்கு ஆவற செலவு, அத ஊர் பசங்க தான் போட்டுக்கணும். போகணும்னு ஆசை இருந்தா தாராளமா போங்க, டிக்கெட் உங்க காசுல எடுங்க. “இதர செலவு”ங்கற வரிய அப்படியே அடிங்க, நான் எத்தனையோ சங்கத்து கணக்கு பாத்துருக்கேன், சண்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்தா அந்த ஒரு வரில தான் இருக்கும்.

போறவங்க மூணு பேர். அம்மா எதுக்குன்னு யாராவது கேப்பாங்க, அதுக்கு பதில போஸ்டர்லயே எழுதிடுங்க: பொண்ணு மைனர், கோச் ஆம்பளை, கூட ஒரு பொம்பளை துணை வேணும். ஒளிச்சு வச்சு அப்புறம் போட்டோல அம்மாவும் நிக்கறத பாத்து ஒருத்தர் கேக்கறத விட இது நல்லது.

ரயிலுக்கு காட்பாடில இருந்து புவனேஸ்வர் சுமார் ஒரு நாள் பயணம், தேர்ட் ஏசி ஆளுக்கு 1,700 கிட்ட, ஸ்லீப்பர் 650 கிட்ட வரும்னு வச்சுக்கோங்க, டிக்கெட் எடுக்கும்போது சரியான ரேட்ட போட்டு மாத்திக்கோங்க. போகும்போது மூணு பேருக்கும் தேர்ட் ஏசி, வரும்போது ஸ்லீப்பர். ஏன் போகும்போது ஏசின்னா இது சொகுசுக்கு இல்ல. பளு தூக்கறதுல எடைப் பிரிவு இருக்கு, போட்டி ஆரம்பிக்க 2 மணி நேரம் முன்னாடி எடை பாப்பாங்க, அதுல பிரிவுக்கு மேல போனாலும் ஆட முடியாது, தண்ணி வத்தி சோர்ந்து போயி எடை கம்மியா வந்தாலும் பாரு தூக்கற நேரத்துல கை நடுங்கும். ஒரு ராத்திரி ஒரு பகல் கூட்டத்துல நசுங்கி போற பொண்ணுக்கும் தூங்கிட்டு போற பொண்ணுக்கும் வித்தியாசம் கோச்ச கேட்டா சொல்லுவாரு. வரும்போது அந்த அவசியம் இல்ல, அதனால ஸ்லீப்பர் போதும். இந்த மாதிரி ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏன்னு உங்களால சொல்ல முடியணும், அவ்வளவு தான் விஷயம். ஆக போக 5,100, வர 1,950.

ஊர்ல இருந்து காட்பாடி போக, திரும்பி வர ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்த்து 1,400. நீங்க சொன்ன சர்க்குலர் படி கோச்சுக்கு தங்க இடம் அங்கயே குடுக்கறாங்க, அம்மா பொண்ணு ரெண்டு பேருக்கும் தனியா ரூம் வேணும், ஒரு நாள் 1,200னு 5 ராத்திரிக்கு 6,000. போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய் சேரணும், ரயில் லேட் ஆனாலும் எடை பாக்கற நேரத்த விட்டுட கூடாதுல்ல, அதனால தான் 5 ராத்திரி. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 350, மூணு பேர், 7 நாள், 7,350. உள்ளூர் ஆட்டோ 2,000, என்ட்ரி ஃபீஸ் 1,000, டேப், சாக் பவுடர், மருந்து 1,500.

அடுத்தது நீங்க பேப்பர்ல எழுதவே இல்லாத ஒண்ணு. அம்மா 7 நாள் கம்பெனிக்கு போக மாட்டாங்க, நாளைக்கு 450னு வச்சா 3,150 சம்பளம் போவுது, அந்த வாரம் வீட்டுல அடுப்பு எரியணுமே. இத கேக்கலாமா கூடாதான்னு சிலருக்கு கூச்சம். என் கருத்துக்கு கேக்கலாம், ஆனா சாப்பாட்டுலயோ ரூம்லயோ கலந்து மறைக்காம “அம்மாவுக்கு 7 நாள் சம்பள இழப்பு 3,150”ன்னு தனி வரியா போடணும். பேர் சொல்லி கேட்டா குடுக்கறவங்க மனசு கோணாது, அதையே ரூம் வாடகைய 9,000னு ஏத்தி காட்டி எடுத்தா அது பொய்க்கணக்கு.

இதெல்லாம் கூட்டுனா 29,450. எதிர்பாராத செலவுக்கு பத்துல ஒரு பங்கு, 2,950, வண்டிய விட்டுட்டா தட்கால் எடுக்க, உடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட போக, இப்படி எதுக்குன்னு எழுதி வைங்க, அப்ப அது “இதர” ஆவாது. மொத்தம் 32,400.

ஷூவ பத்தி தனியா சொல்லணும். அந்த பொண்ணு சீனியர் ஒருத்தரோட பழைய லிஃப்டிங் ஷூவ, ஒரு சைஸ் பெருசு, உள்ள துணி வச்சு போடுதுன்னு எழுதி இருந்தீங்க. பாரம் தலைக்கு மேல இருக்கும்போது கால் உள்ள நகந்தா இன்னா ஆவும்னு யோசிக்கவே பயமா இருக்கு, கண்டிப்பா வாங்கணும். ஷூ 9,000, காஸ்ட்யூம் 2,500, ஆக 11,500. ஆனா இது பயணச் செலவு இல்ல, இது சாமான், ஒரே தொகைல கலக்காதீங்க. “பயணத்துக்கு 32,400, ஷூவும் காஸ்ட்யூமும் 11,500, ஆக 43,900”. கைல இருக்கற 8,000 கழிச்சா 35,900. அந்த 8,000த்த சொல்லாம விட்டுட்டு 43,900னு கேட்டா பஞ்சாயத்து தலைவரே நாளைக்கு “நான் குடுத்தது எங்க”ன்னு கேப்பாரு, அதனால அதையும் போஸ்டர்ல போடுங்க. 36,000னு ரவுண்டா கூட ஆக்காதீங்க, 35,900ன்னு பாத்த உடனே இது உக்காந்து போட்ட கணக்குன்னு தெரியும்.

கோச் ரயில்ல ஸ்போர்ட்ஸ் கன்செஷன் கிடைக்கும்னு சொன்னதா பேப்பர் ஓரத்துல எழுதி இருக்கீங்க. அவர் சொல்றது பழைய கதை, முன்னாடி நேஷனல் போட்டிக்கு போறவங்களுக்கு நல்ல தள்ளுபடி இருந்துது, 2020 மார்ச்ல கொரோனா நேரத்துல மாற்றுத்திறனாளிங்க, சில வகை நோயாளிங்க, ஸ்டூடண்ட்ஸ் தவிர மத்த சலுகை எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. காட்பாடி கவுண்டர்ல ஒரு தடவ கேளுங்க, ஆனா அத நம்பி கணக்க குறைக்காதீங்க.

டிக்கெட்டுக்கு இன்னொரு சிக்கல். 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 60 நாள் முன்னாடி தான் தொறக்கும், உங்களுக்கு செலக்ஷன் லெட்டர் வந்ததே போட்டிக்கு ஒரு மாசம் இருக்கும்போது, அதுக்குள்ள பாதி சீட் போயிருக்கும். காசு சேந்த பிறகு எடுக்கலாம்னு பத்து நாள் காத்துனு இருந்தீங்கன்னா வெயிட்டிங் லிஸ்ட் தான் கிடைக்கும், ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் கன்ஃபர்ம் ஆகலன்னா தானா கேன்சல் ஆயிடும், காசு கழிவு போக திரும்ப வரும், ஆனா பொண்ணு போக முடியாது. அப்புறம் முந்தின நாள் காலைல தட்கால், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, கிடைச்சா லக்கு. கன்ஃபர்ம் ஆன தட்கால் டிக்கெட்ட கேன்சல் பண்ணா ஒரு ரூபா திரும்ப வராது, போட்டி தேதி மாறுனா மொத்தமும் போச்சு. தேதியும் இடமும் கடைசி நேரத்துல மாறறது இந்த உலகத்துல சாதாரணம், கோச்ச கேட்டு பாருங்க.

அதனால இன்னைக்கே யாராவது கைக்காசு போட்டு டிக்கெட் எடுங்க. நீங்களே எடுக்கறீங்கன்னு வைங்க, 7,050. அத போஸ்டர்ல சொல்லணும்: “டிக்கெட் 7,050க்கு நான் கைக்காசு போட்டு எடுத்துட்டேன், வர்ற பணத்துல மொதல்ல அது எனக்கு திரும்பும்”. இத சொல்லாம விட்டுட்டா, மூணாவது நாள் அக்கவுண்ட்ல இருந்து உங்க பேருக்கு 7,050 போனது ஸ்டேட்மெண்ட்ல தெரியும், நீங்க நல்லது பண்ணது திருட்டு மாதிரி தெரியும்.

சரி, உங்க ஜிபே நம்பர். வேணாம். நம்பிக்கை இல்லாம சொல்லல. உங்க அக்கவுண்ட்ல உங்க சம்பளம் வருது, பைக் டியூ 5ஆம் தேதி தானா எடுக்குது, கரண்ட் பில் போவுது, நடுவுல 100, 200னு நாப்பது பேர் போட்ட காசு. டியூ அன்னைக்கு உங்க சம்பளம் ஒரு நாள் லேட் ஆச்சுன்னா பைக் டியூ இந்த பொண்ணோட காசுல இருந்து போயிடும், நீங்க மறுநாள் சரி பண்ணிடுவீங்க, ஆனா ஸ்டேட்மெண்ட்ட காட்டு பான்னு ஒருத்தர் கேட்டா காட்ட முடியாது. இன்னொன்னு, இப்ப சைபர் மோசடி கேஸ்ல பணம் எந்த எந்த அக்கவுண்ட் வழியா போச்சோ அத எல்லாம் முடக்கறாங்க, முன்ன பின்ன தெரியாத நாப்பது பேர்ல ஒருத்தர் அனுப்புன 500 அப்படி பட்ட காசா இருந்தா உங்க சம்பள அக்கவுண்டே மாட்டிக்கும், அத விடுவிக்க அலையறது பெரிய பாடு.

அம்மாவோட ஜன்தன் அக்கவுண்ட்டும் நேரா வேணாம், அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. முழு கேஒய்சி இல்லாம தொறந்த அக்கவுண்ட்ட பேங்க்ல ஸ்மால் அக்கவுண்ட்னு சொல்லுவாங்க, அதுல எந்த நேரத்துலயும் 50,000க்கு மேல இருக்க கூடாது, ஒரு வருஷத்துல மொத்தமா ஒரு லட்சத்துக்கு மேல வரவு வர கூடாது, மாசத்துக்கு 10,000க்கு மேல எடுக்க கூடாது. அவங்க கம்பெனி சம்பளம் அதுலயே வருதுன்னா அந்த ஒரு லட்சம் ஏற்கனவே நெருங்கி இருக்கும், வாரத்துல 30,000 எடுக்கணும்னு போனா பேங்க்ல குடுக்க மாட்டாங்க. எல்லா ஜன்தன் அக்கவுண்ட்டும் அப்படி இல்ல, ஆதார் குடுத்து முழு கேஒய்சி பண்ணி இருந்தா இந்த வரம்பு கிடையாது, பாஸ்புக்க எடுத்துனு போய் கேட்டா அங்கயே சொல்லிடுவாங்க. எப்படி இருந்தாலும் நான் சொல்றது, அம்மா பேர்லயே புதுசா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், முழு கேஒய்சியோட, இதுக்கு மட்டும். சம்பளம் பழைய அக்கவுண்ட்லயே வரட்டும். மொத வரவா அந்த 8,000த்த போடுங்க. யூபிஐ அம்மா போன்லயே இருக்கட்டும், பின் நம்பர் அவங்களுக்கு மட்டும் தெரியட்டும், நீங்க கேட்டு வாங்காதீங்க, அவங்களா குடுத்தா கூட வேணாம்னு சொல்லுங்க.

போஸ்டர்ல க்யூஆர் போடும்போது பக்கத்துலயே பெருசா “ஸ்கேன் பண்ணா இந்த பேர் தான் வரணும்”னு பேங்க்ல இருக்கற மாதிரியே, இனிஷியலோட, அம்மா பேர எழுதுங்க. இந்த மாதிரி போஸ்டர எடுத்து க்யூஆர மட்டும் மாத்தி வேற குரூப்ல விடற ஆளுங்க இருக்காங்க, பாக்கறதுக்கு அதே பொண்ணு போட்டோ, அதே எழுத்து, காசு மட்டும் எங்கயோ போவும். பேர் மாறி வந்தா அனுப்பறவங்க அங்கயே நிறுத்திடுவாங்க. அப்படி எதுனா கண்ல பட்டா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க.

எழுதறது எப்படின்னு கேக்கல, ஆனாலும் ஒரு மாதிரி எழுதி தர்றேன், உங்க பேச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க:

“எங்க ஊர் பொண்ணு, ப்ளஸ் ஒன், பளு தூக்குதல்ல தமிழ்நாடு டீம்ல நேஷனல்ஸுக்கு புவனேஸ்வர் போறா. பொண்ணு, துணைக்கு அம்மா, கோச், மூணு பேருக்கு 7 நாள் பயணச் செலவு 32,400 (இதுல அம்மாவோட சம்பள இழப்பு 3,150, அவசரத்துக்கு 2,950). லிஃப்டிங் ஷூ, காஸ்ட்யூம் 11,500. கைல இருக்கறது 8,000. தேவை 35,900. டிக்கெட் 7,050 நான் போட்டு எடுத்துட்டேன், அது எனக்கு திரும்ப வரும். மொத்த தொகை சேந்த அன்னைக்கு, இல்லன்னா போட்டிக்கு பத்து நாள் முன்னாடி, எது மொதல்ல வருதோ அன்னைக்கு நிறுத்திடுவோம். குறைஞ்சா மொதல்ல பயணம், அப்புறம் தான் ஷூ. மீதி ஆனா இவளோட அடுத்த ஸ்டேட் போட்டி செலவுக்கு அதே அக்கவுண்ட்ல இருக்கும், திரும்ப வேணும்னு கேக்கறவங்களுக்கு திருப்பி தருவோம். 80ஜி ரசீது கிடையாது. முழு வரவு செலவு கணக்கு திரும்பி வந்த பத்து நாள்ல இதே குரூப்ல வரும்.”

இதுல மெடல் பத்தி ஒரு வார்த்தை இல்லாதத கவனிச்சீங்களா. நம்ம மாவட்டத்துல பளு தூக்கறதுன்னா சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் ஞாபகம் வராம இருக்காது, 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், ரெண்டு காமன்வெல்த்லயும் 77 கிலோவுல தங்கம். பசங்க கண்டிப்பா “அடுத்த சதீஷ்”னு போடலாம்னு சொல்லுவாங்க. போடாதீங்க. 16 வயசு பொண்ணு மொத நேஷனல்ஸ்ல பத்தாவதா வந்தாலும் நல்ல விஷயம் தான், ஆனா தங்கம்னு சொல்லி வாங்குன காசுக்கு பத்தாவது இடம் வந்தா குடுத்தவங்க ஏமாந்த மாதிரி நெனைப்பாங்க, பழி அந்த பொண்ணு மேல விழும். செலக்ஷன் லெட்டர் போட்டோ போடுங்க, அதுல பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் நம்பர் இருந்தா மறைச்சு போடுங்க. வீட்டு ஓட்டைய, அம்மா அழுவறத எல்லாம் படம் எடுத்து போடாதீங்க, அது இல்லாமலே இந்த கணக்கு நிக்கும்.

80ஜி ஏன் எழுத சொன்னேன்னா, சென்னைல ஐடில இருக்கறவங்க கேப்பாங்க. தனி ஆளுக்கு குடுக்கறதுக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது, அதுக்குன்னு பதிவு பண்ண அறக்கட்டளைக்கு குடுத்தா தான் உண்டு. ரசீது தர்றோம்னு வாய் தவறி கூட சொல்லிடாதீங்க.

உங்க டேக்ஸ் கேள்விக்கு இப்ப வந்துடலாம். சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல சும்மா வர்ற பணம் மொத்தம் 50,000 வரைக்கும் வருமானமா எடுத்துக்க மாட்டாங்க. 50,000 தாண்டுச்சுன்னா தாண்டுன பகுதி மட்டும் இல்ல, மொத்தமும் வருமானம். மைனர் பொண்ணு பேர்ல வாங்குனா கூட பொதுவா அம்மா வருமானத்தோட தான் சேரும், அதனால பொண்ணு பேர்ல வாங்கி தப்பிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நம்ம கணக்குல கைல இருக்கற 8,000த்தையும் சேர்த்தே 43,900 தான், வரம்புக்கு உள்ளயே இருக்கு. ஒன்றரை லட்சம் வாங்கி இருந்தா அவ்வளவும் அம்மா வருமானத்துல சேரும். ஷூ கம்பெனி சம்பளத்தோட கூட்டுனாலும் அவங்களுக்கு வரி வர்ற அளவுக்கு போகாது, உண்மை தான், ஆனா ஏன் இவ்வளவு வந்துதுன்னு அவங்க யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். ஊர் ஆளுங்க கல்ஃப்ல இருந்து அனுப்பறேன்னு சொன்னா, இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க தன்னோட சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பறதுல பிரச்சனை இல்ல. வெளிநாட்டு குடியுரிமை வாங்குனவங்க அனுப்பறேன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அது வேற சட்டத்துக்குள்ள போவும், இந்த தொகைக்கு அந்த தலைவலி தேவையில்ல.

இன்னொரு பக்கமும் கதவ தட்டணும். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைன்னு 2023ல அரசு ஆரம்பிச்சது இருக்கு, போட்டிக்கு போற வீரர்களுக்கு செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம், மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆபீஸ்ல கோச்ச கூட்டினு போய் கேளுங்க. இங்க தான் நல்லவங்களே சறுக்கறாங்க: ஊர்ல ரயில் செலவுன்னு வாங்கிட்டு, அதே ரயில் செலவ அரசுகிட்டயும் வாங்கிடறது. பிளான் பண்ணி பண்றதில்ல, அரசு பணம் லேட்டா வரும், அதுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க. அதனால விண்ணப்பம் போட்ட உடனே போஸ்டர்ல ஒரு வரி, “அரசு உதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம், வந்தா அந்த தொகை எவ்வளவுன்னு இங்கயே சொல்லுவோம், அதுவும் மீதி கணக்குல சேரும்”. ஸ்டேட் அசோசியேஷன் பயணப்படி எதுனா குடுத்தாலும் அதே மாதிரி தான்.

செலவு பண்ணும்போது முடிஞ்ச வரைக்கும் அந்த ஒரே அக்கவுண்ட்ல இருந்து யூபிஐல குடுங்க, ஆட்டோக்காரர் வரைக்கும் இப்ப க்யூஆர் வச்சிருக்காங்க, தனியா பில் வாங்க தேவையில்ல, ஸ்டேட்மெண்ட்டே கணக்கு. ரொக்கம் வேணும்னா அப்பப்ப 500, 300னு எடுக்காம ஒரே தடவ 5,000 எடுத்து அம்மா கைல குடுங்க, ஒரு பாக்கெட் நோட்டு, அன்னைக்கு அன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி எழுதணும். “புவனேஸ்வர் ஸ்டேஷன் டீ 60, வாழைப்பழம் 40, ஸ்டேடியம் ஆட்டோ 150” இவ்வளவு போதும், ஊர் திரும்பி வந்து ஞாபகத்துல எழுதுற கணக்கு எப்பவும் முழு நூறாவே இருக்கும், அத வச்சே அது அங்க எழுதுனது இல்லன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன். ரூம் பில் அம்மா பேர்ல வாங்குங்க. ஷூ பில் கண்டிப்பா.

கணக்கு போடும்போது ஒரு பக்கம் போஸ்டர்ல சொன்ன தொகை, பக்கத்துல ஆன தொகை. ரெண்டும் ஒண்ணா இருக்காது, இருக்கவும் கூடாது. ரூமுக்கு 6,000னு சொன்னது 5,000 ஆச்சு, ஆட்டோ 2,000னு சொன்னது 2,850 ஆச்சு, ஏன்னா ஸ்டேடியம் ரூம்ல இருந்து தூரம், இப்படி ஒரு வரி காரணம் எழுதுங்க. குடுத்தவங்க லிஸ்ட் போடும்போது முழு பேர், போன் நம்பர் வேணாம், இனிஷியலும் தொகையும், யூபிஐ நம்பரோட கடைசி நாலு எண்ணும் போதும், அவங்க அவங்க காசு அவங்களுக்கு தெரிஞ்சிடும். 50 ரூபா போட்டவர் பேரும் இருக்கணும், பெருசா போட்டவங்கள மேல தூக்கி வைக்காம வந்த தேதி வரிசைல போடுங்க.

நிறுத்தறேன்னு சொன்ன தேதிக்கு அப்புறமும் காசு வரும், ஏன்னா ஃபார்வர்டு போன போஸ்டர் சாகாது, எங்கயோ ஒரு குரூப்ல ஆறு மாசம் கழிச்சு கூட சுத்தினு இருக்கும். மொத்தம் சேந்த அன்னைக்கே அதே போஸ்டர் மேல “முடிஞ்சுது, நன்றி”ன்னு பெருசா எழுதி எல்லா குரூப்லயும் திரும்ப போடுங்க. அதுக்கும் மேல வர்றத அன்னைக்கே வந்த நம்பருக்கே திருப்பி அனுப்பிடுங்க. புவனேஸ்வர்ல இருந்து வந்து கணக்கு போட்ட பிறகு அந்த அக்கவுண்ட்ட மூட வேணாம், மீதியும் அரசு உதவி வந்தா அதுவும் அதுலயே இருக்கட்டும், க்யூஆர மட்டும் எடுத்துடுங்க. கணக்கு பேப்பர குரூப்ல போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ அனுப்புங்க, கூட்டல் பாத்து தர்றேன், ஃபீஸ் எல்லாம் வேணாம்.